மூன்றாம் நாளில் நின்ற டைம்டேபிள்: பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக எடுத்த ஒரு காணொளியும் அதன் இரண்டு பதிப்புகளும்

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், பழைய நகரத்தார் வீடு ஒன்றின் முகப்பில் மாலை ஆறரை மணிக்கு மேல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர் படிக்க வருகிறார்கள். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீடு திறக்கப்படும் என்பதால் சாவியை எங்களிடம் கொடுத்து, விளக்கும் மின்விசிறியும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கே கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுக்கு எப்படித் திட்டமிட்டுப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் காணொளி ஒன்றை எடுக்கலாம் என்று சென்ற ஆண்டு தை மாதத்தில் முடிவு செய்தோம். அதே ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி பேசுவதற்கு ஒப்புக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. இக்கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

முதலில் எடுத்த காணொளி எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் பயன்படவில்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த இரண்டாவது காணொளி அந்த அளவுக்குப் பாராட்டுப் பெறவில்லை, ஆனால் ஓரளவு பயன்பட்டது. இரண்டுக்கும் இடையே எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் பதிப்பு

முதல் காணொளி 11 நிமிடம் ஓடியது. கணினித் திரைக்கு ஏற்றபடி அகலவாக்கில் எடுத்திருந்தோம். நடுவில், காலை 4.30 மணி முதல் இரவு 10.30 மணி வரை, வாரத்தின் ஏழு நாளுக்கும் சேர்த்து, 14 வரிசைகள் கொண்ட வண்ண அட்டவணை ஒன்று முழுத்திரையில் வரும். அக்கா அதை மேலிருந்து கீழாக வாசித்துக் காட்டுவார். தொடக்கத்தில் அவர் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணும், அதற்காகப் பள்ளியில் பெற்ற கேடயமும் காட்டப்பட்டன. பிள்ளைகள் அந்த அட்டவணை வந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார்கள். அது வெற்றி என்று நாங்களும் நினைத்தோம்.

அட்டவணையை ரஃப் நோட்டில் எழுதி, முடித்த ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டு வரும்படி சொல்லியிருந்தோம். ஒரு வாரம் கழித்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தபோது 19 பேர் அட்டவணையை எழுதியிருந்தார்கள். முதல் நாளில் அநேகமாக எல்லோருக்கும் டிக் இருந்தது. இரண்டாம் நாளில் காலைப் பகுதி மட்டும் நிரம்பியிருந்தது. மூன்றாம் நாளில் டிக் இருந்த நோட்டுகள் நான்கு. ஏழாம் நாளில் ஒன்று. அந்த ஒன்றும், எந்தக் காணொளியும் பார்க்காமலேயே படித்திருக்கக்கூடிய பிள்ளையுடையது.

அந்தப் பதினெட்டு பேருக்கும் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அன்று எங்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் பெரும்பாலான நோட்டுகளில் ஒரே இடத்தில் டிக் நின்றிருந்தது என்பதால், குறை பிள்ளைகளிடம் இல்லை, அட்டவணையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டோம். மூன்று நாளில் நடந்தது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் 4.30 மணிக்கு எழுந்தார்கள், இரவு 10.30 மணி வரை விழித்திருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை தூக்கம் சொக்கியதில் ஒரு வேளை விட்டுப்போனது. விட்டுப்போனதைச் சேர்த்துப் படிக்க மூன்றாம் நாளில் இடமில்லை. பாக்கி ஏறியதும் அட்டவணையையே மூடிவைத்துவிட்டார்கள். பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. நாங்கள் கொடுத்திருந்தது 6 மணி நேரம்.

அட்டவணையில் இருந்த தவறு

தூக்கத்தைக் காட்டிலும் பெரிய தவறு ஒன்று இருந்தது. அட்டவணையில் வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நாளாகும் என்று முன்கூட்டிக் கணிப்பதில் மனிதர்கள் தொடர்ந்து குறைத்தே கணிக்கிறார்கள். 1994-இல் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாள். கல்லூரியில் படிப்பவர்களே இப்படிக் கணிக்கும்போது, 15 வயதுப் பிள்ளை ‘ஏழிலிருந்து எட்டுக்குள் இயற்கணிதம்’ என்று எழுதிவைத்தால் அது எட்டரைக்குத்தான் முடியும். அடுத்த கட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போகும்; அதற்கடுத்தது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வெற்றிடம் இல்லாத அட்டவணை, ஒரே ஒரு வேளை பிசகினாலும் முழுதாகச் சரிந்துவிடும்.

அடுத்த தவறு, கட்டங்களுக்குள் ‘அறிவியல்’, ‘கணிதம்’ என்று பாடத்தின் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்த பிள்ளை புத்தகத்தைத் திறந்து முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும். அறிவியலில் முதல் பாடமான இயக்க விதிகளை நான்கு முறை படித்து, மின்னோட்டவியலைத் தொடாமலேயே ஒரு வாரத்தை முடித்தவர்கள் இருந்தார்கள். முதல் பாடம் மட்டும் அழுக்கேறி மற்றப் பக்கங்கள் புதிதாக இருக்கும் புத்தகங்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆனால் எங்கள் அட்டவணையே அந்தப் பழக்கத்தை வளர்க்கும் என்பது எனக்கு முன்பே உறைக்கவில்லை.

திரும்பப் படிப்பது எப்போது, எப்படி என்பதும் அட்டவணையில் இல்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை ரிவிஷன் என்றால் அதே பக்கங்களை இன்னொரு முறை வாசிப்பதுதான். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு பத்தியை ஒரு குழு மீண்டும் வாசித்தது. இன்னொரு குழு அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ‘இப்பத்தான் படிச்சேன், எல்லாம் தெரியுதே சார்’ என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அவர்களுக்கு உண்மையிலேயே தெரிகிறது. தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

ஒரு மாணவியின் வாரம்

புதிய அட்டவணையை எல்லோருக்கும் பொதுவாக வரையாமல், ஒரே ஒரு பிள்ளைக்கு வரைந்து பார்த்தோம். அவளுடைய அம்மா ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவர். மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார். அதற்குள் சோறு வடித்து வைப்பதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் அவள் வேலை. அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு 41 எடுத்திருந்தாள். தேர்ச்சி பெற்றுவிடுவாள், ஆனால் கொஞ்சம் சறுக்கினால் 35-க்குக் கீழே போய்விடக்கூடிய நிலை.

அவளிடம் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டோம். காலையில் 5.15 முதல் 6 மணி வரை ஒரு வேளை. மாலையில் எங்களிடம் 45 நிமிடமாக இரண்டு வேளை. திங்கள் முதல் வெள்ளி வரை இப்படி நாளுக்கு மூன்று என்று 15 வேளைகள். சனியும் ஞாயிறும் நாளுக்கு நான்கு. ஆக வாரத்துக்கு 23 வேளைகள். அவற்றில் ஐந்தைப் பெயரிடாமல் வெறுமையாக விட்டோம். மீதமுள்ள 18-ஐக் கணிதத்துக்கு 6, அறிவியலுக்கு 5, சமூக அறிவியலுக்கு 3, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டிரண்டு என்று பிரித்தோம். பழைய அட்டவணையில் இருந்த மணிக் கணக்கில் இது பாதிகூட வராது. அவளுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா சார் படிக்கணும்?’ என்று சந்தேகத்தோடு கேட்டார்.

வெறுமையாக விட்ட ஐந்தும் ஓய்வுக்கானவை என்று சொல்லவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலையில் ஒவ்வொன்று, சனியன்று ஒன்று, ஞாயிறு மாலையில் இரண்டு என்று பரப்பி வைத்தோம். அதுவரை விட்டுப்போன வேலை அங்கே போய் உட்காரும்; எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் அந்த நேரம் அவளுடையது. எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி பங்குனித் திருவிழா, பொதுத்தேர்வை ஒட்டிய வாரங்களில்தான் வருகிறது. பால்குடம் எடுக்கும் நாளில் எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் படிக்கப்போவதில்லை. ஒலிபெருக்கிக்கு அருகில் வீடு இருந்தால் அதற்கு முந்தைய மாலையிலும் படிக்க முடியாது. திருவிழா இல்லாத ஊருக்குப் போட்டதுபோல் அட்டவணை போட்டுவிட்டுப் பிறகு பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பெயரிட்ட வேளைகளில் பாடத்தின் பெயரை விட்டுவிட்டுச் செய்ய வேண்டிய வேலையை எழுதினோம். உதாரணமாக, திங்கள் மாலை முதல் வேளையில், ‘மின்னோட்டவியல்: ஓம் விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, புக் பேக்கில் நான்கு மதிப்பெண் வினா இரண்டு’ என்று இருக்கும். அதே பகுதி செவ்வாய் இரவு சாப்பாட்டுக்குப் பின் மீண்டும் வரும். ஆனால் பத்தே நிமிடம், புத்தகத்தை மூடிவைத்து, வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுவது. பிறகு வெள்ளிக்கிழமை ஒரு முறை, அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு முறை. எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். ஒன்று, நான்கு, பதினொன்று என்ற இந்த நாள் கணக்கில் மந்திரம் எதுவுமில்லை. தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்பத் திரும்பப் படிக்கும் இடைவெளியும் நீள வேண்டும் என்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மாதம் இருந்த எங்களுக்கு இந்த இடைவெளி வாரக் கட்டத்துக்குள் சுலபமாகப் பொருந்தியது, அவ்வளவுதான்.

முதல் முறை வெற்றுத்தாளோடு உட்கார்ந்த அந்தப் பெண் நான்கே வரி எழுதிவிட்டு அழுதாள். இந்த இடத்தைக் காணொளியில் சொல்லாமல் விடக்கூடாது என்று எங்களுக்குத் தோன்றியது அன்றுதான். திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். எழுதிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால், பயன் தரும் முறையைப் பிள்ளைகள் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவார்கள். சிவப்பு மை குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் அடையாளம்: செவ்வாய்த் தாளைவிட வெள்ளித் தாளில் சிவப்புக் குறைந்திருந்தால் முறை வேலை செய்கிறது; குறையவில்லை என்றால் அந்தப் பகுதி புரியாமல் மனப்பாடம் ஆகியிருக்கிறது, யாரிடமாவது கேட்க வேண்டும்.

கணிதத்தில் ஒரு வேளையை மட்டும் தனியாக வைத்தோம். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் நான்காம் பகுதியில் செய்முறை வடிவியல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் வரும். ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண், ஆக 16. வடிவொத்த முக்கோணமோ வட்டத்துக்குத் தொடுகோடோ வரைவதும், இருபடிச் சமன்பாட்டின் வரைபடமோ நேர்மாறல், எதிர்மாறல் வரைபடமோ போடுவதும் வகை வகையாகப் பழகினால் கைக்கு வந்துவிடும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு 35-ஐ எட்டுவதில் ஏறக்குறைய பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் இதைக் கண்ணால் படித்துப் பயனில்லை. காம்பஸ் முள் நழுவுவது, பென்சில் முனை தடித்துக் கோடு இரண்டாகத் தெரிவது, அச்சில் அளவுத்திட்டம் எழுத மறப்பது எல்லாம் வரைந்தால்தான் தெரியவரும். அதனால் ஞாயிறு காலை முதல் வேளை, எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு வடிவியலும் ஒரு வரைபடமும் வரைய வேண்டும் என்று எழுதினோம். 45 நிமிடத்தில் தொடங்கிய அந்தப் பெண் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் 28 நிமிடத்தில் முடித்தாள்.

திரையில் அட்டவணை

இதையெல்லாம் படமாக்கும்போது முதல் பதிப்பின் இன்னொரு கோளாறு புலப்பட்டது. ஆறரை அங்குலக் கைப்பேசியை நேராகப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 6.8 சென்டிமீட்டர். அகலவாக்கில் எடுத்த காணொளி அதில் 3.8 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். அந்த இடத்தில் ஏழு நாளும் நேரமும் சேர்ந்து எட்டு நெடுவரிசைகள் என்றால் ஒரு கட்டத்துக்கு 0.85 சென்டிமீட்டர் அகலமும் கால் சென்டிமீட்டர் உயரமும்தான் கிடைக்கும். ‘சமூக அறிவியல்’ என்ற சொல்லை அதற்குள் எழுதினால் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். கணினியில் பார்த்தபோது அழகாக இருந்ததால் எங்களுக்கு இது தெரியவில்லை. எந்தப் பிள்ளையும் கைப்பேசியைத் திருப்பிப் பிடிக்கவில்லை என்பதும் அப்போது தெரியாது.

இரண்டாம் பதிப்பை நெடுவாக்கில், 1080 × 1920 அளவில் எடுத்தோம். திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாள்தான் வரும். அந்த நாளின் வேளைகளும் அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் தோன்றும். அவர் பேசாததைத் திரை காட்டாது. திங்கள்கிழமை மின்னோட்டவியல் கட்டத்திலிருந்து ஒரு சிறு வட்டம் எழுந்து செவ்வாய்க்கும், வெள்ளிக்கும், அடுத்த வெள்ளிக்கும் தாவும். வெற்றுக் கட்டங்கள் புள்ளிக் கோட்டால் வரையப்பட்டிருக்கும். முழு வாரமும் கடைசியில் ஆறு விநாடி மட்டும் வரும், அதுவும் வேலைகளின் பெயர் இல்லாமல், வெறும் சட்டகமாக. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அவரவர்தான் நிரப்ப வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தோம். காணொளிக்குக் கிடைத்த பாராட்டு குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பாடத்துக்கு ஒரு நிறமும் ஒரு முதலெழுத்தும் வைத்தோம்: த, ஆ, க, அ, ச. அடுத்த நாள் கைப்பேசியில் பார்த்தபோது ஆங்கிலத்தின் ‘ஆ’வும் அறிவியலின் ‘அ’வும் சிறிய அளவில் ஒன்றுபோலவே தெரிந்தன. பிள்ளைகள் எப்படியும் ‘இங்கிலீஷ்’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் ஆங்கிலத்துக்கு ‘இ’ என்று மாற்றினோம். தமிழாசிரியர் ஒருவர் இதற்காக இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எழுத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கைப்பேசியில் காணொளி தொகுக்கும் செயலி, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சேர்ந்த எழுத்துகளைச் சரியாகக் காட்டவில்லை. ‘தொடரிணைப்பு’ என்று எழுதினால் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் புள்ளி வட்டத்தோடு நிற்கும். எழுத்தெல்லாவற்றையும் ஸ்லைடு செய்யும் செயலியில் தட்டி, படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காணொளியில் ஒட்டினால் இந்தச் சிக்கல் வருவதில்லை. பிழை கண்டால் திருத்துவதற்கு இரட்டை வேலை என்பது மட்டுமே இதில் உள்ள நட்டம்.

அக்காவின் குரல்

முதல் பதிப்பை வீட்டின் வளவில் உட்கார்ந்து பதிவு செய்தோம். தூண்களும் முற்றமும் பின்னணியில் அழகாக விழுந்தன. ஆனால் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் குரலை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. அக்கா பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பேசும் இடத்தில் ஒரு முறை கையைத் தட்டிப் பார்த்து, ஓசைக்கு வால் இருந்தால் அங்கே பதிவு செய்யக்கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டோம். இரண்டாம் பதிப்புக்கு, கல்யாண நாட்களுக்காக மெத்தைகளும் ஜமுக்காளங்களும் அடுக்கிவைத்திருந்த உள்ளறைக்குப் போனோம். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரெதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம்; நேரெதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும். புழுக்கம் தாங்காமல் அக்கா மூன்று முறை வெளியே வந்தார் என்பதைத் தவிர வேறு செலவில்லை.

அவர் என்ன பேசினார் என்பதில்தான் பெரிய மாற்றம். முதல் பதிப்பின் உரையை நான் எழுதினேன். ‘மாணவர்கள் தங்கள் நேரத்தைச் செம்மையாகத் திட்டமிடுதல் வேண்டும்’ என்பதுபோல் போகும். அது அக்காவின் வாயில் ஆசிரியர் பேச்சாகவே ஒலித்தது. மேலும் அவருடைய மதிப்பெண்ணைக் கண்டதும், பின்வரிசைப் பையன்கள் இது தங்களுக்கானது அன்று என்று முடிவு செய்துவிட்டார்கள். மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நாங்கள்தான் கேடயத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு பிள்ளை, ஆசிரியர் செய்து காட்டுவதைப் பார்ப்பதைவிடத் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளை செய்வதைப் பார்க்கும்போது தன்னாலும் முடியும் என்று கூடுதலாக நம்புகிறது என்று ஷங்க், ஹான்சன் ஆகிய இருவரும் 1985-இல் கழித்தல் கணக்குக் கற்ற சிறுவர்களிடம் கண்டார்கள். இதை ஒட்டி, அக்காவிடம் உரையைக் கொடுக்காமல் ஒரு கேள்வியைக் கொடுத்தோம்: பத்தாம் வகுப்பில் நீங்கள் போட்ட டைம்டேபிள் என்ன ஆயிற்று? அவர் சிரித்துவிட்டுச் சொன்னதையே காணொளியின் தொடக்கமாக வைத்தோம்.

‘நான் பத்தாவது படிக்கும்போது சார்ட் பேப்பர்ல நாலு கலர்ல டைம்டேபிள் போட்டேன். போடவே ரெண்டு நாள் ஆச்சு. மூணாம் நாள் அதைப் பார்க்கவே பிடிக்கலை, திருப்பி ஒட்டிட்டேன். அரையாண்டுல கணக்குல முப்பத்தெட்டு.’

இந்த நான்கு வரிக்குப் பிறகு பையன்கள் கைப்பேசியை நோக்கிக் குனிந்தார்கள். வெற்றுத்தாளில் எதுவும் வராமல் அழுத கதையையும், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், தனக்கும் அப்படி நடந்ததாக அக்கா சேர்த்துக்கொண்டார். கேட்டபோது, உண்மையிலேயே தனக்கும் நடந்தது என்றார். ஏறக்குறைய 620 சொற்கள், ஆறரை நிமிடம். வேகமாகப் பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கட்டம் தோன்றியதும் அதைப் படிக்க இரண்டு விநாடி மௌனம் விட்டதால் நீண்டது.

நோட்டுகளில் தெரிந்தது

இரண்டாம் பதிப்பைப் பார்த்த பிறகு 21 பேர் சொந்தமாக அட்டவணை போட்டார்கள். ஏழாம் நாளில் 13 நோட்டுகளில் டிக் தொடர்ந்தது; மூன்றாம் வாரத்தில் 9. காணொளியால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல முடியாது. நோட்டை வாங்கிப் பார்ப்பார்கள் என்பது இந்த முறை பிள்ளைகளுக்குத் தெரியும். தேர்வும் ஒரு மாதம் நெருங்கியிருந்தது. மதிப்பெண் கூடியதா என்பதையும் இதை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் காணொளி பார்க்காத இன்னொரு குழுவை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

காணொளிக்கு எட்டாத இடங்களும் உண்டு. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் இரண்டு பையன்களுக்கு அட்டவணையால் எந்தப் பயனுமில்லை. அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து வாசிக்கவைக்கும் ஓர் ஆள் வேண்டும், அதைத்தான் செய்தோம். பலருடைய வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். அதுவும் அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்குத்தான் திரும்பும். கையில் கைப்பேசி வந்தபின் தேர்வுக் காணொளியோடு நிற்பவர்களும் குறைவு. அதனால் காணொளியை முகப்பில் எல்லோருமாக ஒரே முறை பார்த்துவிட்டு, வெற்றுச் சட்டகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு நான்கு தாள் கொடுத்தோம். தேர்வுகளுக்கு நடுவில் வரும் விடுமுறை நாட்களுக்கு இந்த வார அட்டவணை பொருந்தாது. அதற்குத் தனியாக ஒரு சிறு காணொளி வேண்டும், இன்னும் எடுக்கவில்லை.

நாங்கள் எதிர்பாராத ஒன்றைத் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பையன் ஒருவன் செய்திருந்தான். அவனுடைய தாளில் காலை 7.50 என்று சட்டகத்துக்கு வெளியே, ஓரத்தில் ஒரு கட்டத்தைக் கோணலாக வரைந்து ‘பஸ்’ என்று எழுதியிருந்தான். நாற்பது நிமிடம் நின்றுகொண்டே வருவதால் எழுத முடியாது. அதனால் முந்தைய நாள் படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, வராததைக் கையில் பேனாவால் குறித்துக்கொண்டு பள்ளியில் இறங்கியதும் புத்தகத்தில் பார்த்திருக்கிறான். பயண நேரத்துக்கு எங்கள் படத்தில் இடமே இல்லை. அடுத்த பதிப்பில், வீட்டில் உட்கார்ந்து படிக்கும் வேளைகளுக்கு மேலே, மெல்லிய ஒற்றை வரிசையாக அதைச் சேர்த்திருக்கிறோம்; அந்த வரிசை மட்டும் அவன் வரைந்ததுபோலவே சற்றுக் கோணலாக இருக்கட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.